பி.இ. 6 என்றால் பங்கு மலிவா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. தெரிந்த தொழிலாயிற்றே என்று ஒரு எஸ்டேட் கம்பெனியின் பங்கைப் பார்த்தேன். விலை 240 ரூபாய், பி.இ. 6 என்று ஆப் காட்டுகிறது. மற்ற தேயிலைக் கம்பெனிகள் 25, 30 என்று இருக்கின்றன. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை விடலாமா?

பதில்: அந்த 6-ஐ மட்டும் நம்பி வாங்காதீர்கள். பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. 240-ஐ 6-ஆல் வகுத்தால் 40. அதாவது, கடைசி நான்கு காலாண்டுகளில் ஒரு பங்குக்கு 40 ரூபாய் லாபம் என்று ஆப் எடுத்துக்கொண்டிருக்கிறது. விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேள்வி கேட்க வேண்டியது அந்த 40-ஐப் பற்றி.

கம்பெனியின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால் மாதிரிக்கு ஒரு கணக்கு. மொத்தம் 1 கோடி பங்குகள், ஆண்டு லாபம் 40 கோடி என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் ஜூலை-செப்டம்பர் காலாண்டில் கம்பெனி ஓர் எஸ்டேட்டை விற்றது. வரி போக அதில் வந்த லாபம் மட்டும் 30 கோடி. தேயிலையில் சம்பாதித்தது மீதி 10 கோடிதான், பங்குக்கு 10 ரூபாய். 240-ஐ 10-ஆல் வகுத்தால் பி.இ. 24. மற்ற கம்பெனிகளின் பக்கத்திலேயே வந்துவிட்டது பாருங்கள். தோட்டத்தில் இருந்த சில்வர் ஓக் மரங்களை விற்ற வருஷத்து வரவை வைத்து, உங்கள் இரண்டு ஏக்கருக்கு யாராவது விலை பேசினால் ஒப்புக்கொள்வீர்களா? அதே கதைதான்.

விற்ற பணம் பொய்யில்லை. அந்த 30 கோடி இன்னும் பேங்கில் இருந்தால், பங்குக்கு 30 ரூபாய் ரொக்கம் என்று கழித்து, 210-ஐ 10-ஆல் வகுத்து 21 என்று கொள்ளலாம். கடனை அடைக்கப் போயிருந்தால் இனி வட்டிச் செலவு குறையும், அந்த அளவுக்கு லாபம் கூடும். எப்படியானாலும் 6 என்ற எண் நிலைக்காது.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பங்குச் சந்தையின் தளத்தில் கம்பெனி தாக்கல் செய்த காலாண்டு முடிவுகளைத் திறந்து, Exceptional Items என்ற வரியைப் பாருங்கள். சிலர் இப்படி விற்ற லாபத்தை Other Income வரியில் சேர்த்துவிடுவார்கள். அதனால் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள். விற்பனை கூடாமல் ஒரே ஒரு காலாண்டில் லாபம் மட்டும் எகிறியிருந்தால் சந்தேகப்படலாம்.

சரி, நிலம் எதுவும் விற்கவில்லை, 40 ரூபாயும் தேயிலையில்தான் வந்தது என்றால்? அப்போதும் அவசரம் வேண்டாம். 2020-ல் ஊரடங்காலும் அசாமில் உற்பத்தி குறைந்ததாலும் தேயிலை விலை ஏறியதையும், அது நிலைக்காததையும் பச்சை இலை போட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலி, உரம், எரிபொருள் செலவெல்லாம் அப்படியே இருக்க, கிலோவுக்கு 20 ரூபாய் கூடினால் அதில் பெரும்பகுதி நேராக லாபத்தில் சேரும். இறங்கினால் அதே வேகத்தில் கரையும். அதனால் இந்தத் தொழிலில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். லாபம் ஒடுங்கிய வருஷத்தில் அதுவே 80, 100 என்று நிற்கும். நஷ்டம் வந்தால் அந்த இடத்தில் எண்ணே இருக்காது.

இதற்கு நான் செய்வது ஐந்து வருஷச் சராசரி. நம் மாதிரிக் கம்பெனி தேயிலையில் மட்டும் பங்குக்கு முதல் இரண்டு வருஷம் 4, 12 ரூபாய் லாபம், மூன்றாம் வருஷம் 2 ரூபாய் நஷ்டம், பிறகு 6, 10 ரூபாய் லாபம் என்று கண்டிருந்தால் மொத்தம் 30, சராசரி 6. 240-ஐ 6-ஆல் வகுத்தால் பி.இ. 40. ஆறாகத் தெரிந்தது நாற்பதாகிவிட்டது! சராசரியும் துல்லியமான அளவில்லை. நிலத்தை விற்றபின் சாகுபடிப் பரப்பே குறைந்திருக்கும். ஆனால் ஒற்றை வருஷக் கணக்கைவிட நம்பலாம்.

கம்பெனிக்கு எவ்வளவு கடன், செடிகளுக்கு எவ்வளவு வயது, லாபம் ரொக்கமாக வந்ததா பாக்கியில் நிற்கிறதா, இதெல்லாம் பி.இ.யில் தெரியாது. ஆண்டறிக்கையில்தான் தேட வேண்டும்.

உங்கள் கம்பெனியும் நம் மாதிரியைப் போலவே போன வருஷச் செப்டம்பர் காலாண்டில் நிலம் விற்றிருந்தால் ஒன்று கவனியுங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது செபி விதி. அப்படியானால் இந்த செப்டம்பர் காலாண்டு முடிவு நவம்பர் 14-க்குள் வரும்; அதோடு பழைய செப்டம்பர் காலாண்டு கணக்கிலிருந்து விழுந்துவிடும். விலை ஒரு ரூபாய்கூட நகராமலே ஆப்பில் பி.இ. 24-ஐ ஒட்டி நிற்கும். அந்த விலைக்கும் உங்களுக்கு அது வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள்.