ஓ நெகட்டிவ் இருப்பும் சுழற்சியும்

கேள்வி: எங்கள் சிறிய மருத்துவமனையில் அவசரத்துக்கு 4 ஓ நெகட்டிவ் யூனிட் வைக்கிறோம். பாதி காலாவதியாகிறது. இருப்பைக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். ரத்தப்போக்கோடு ஒரு பிரசவம் வந்தால் நாலும் ஒரே இரவில் தீர்ந்துவிடும். யூனிட்டுகளைப் பெரிய மருத்துவமனையோடு சுழற்றுங்கள்.

ஆயுளை நீட்டும் சேர்க்கைக் கரைசலில் உள்ள சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரியில் 42 நாள் தாங்கும். குறைந்தது 30 நாள் மீதமுள்ள பையாகக் கேட்டு வாங்குங்கள். 14 நாள் மீதமிருக்கும்போதே திருப்பி அனுப்பிவிட்டுப் புதியதை எடுங்கள். அங்கே தினம் 2 யூனிட் செலவாகிறது என்றால், உங்கள் நாலும் இரண்டே நாளில் பயன்பட்டுவிடும். 3 நாள் மீதமிருக்கும்போது அனுப்பினால், ஏற்கெனவே காலாவதியை நெருங்கிய பைகளோடு சேர்ந்து வரிசையில் நின்று வீணாகும். நஷ்டம் இடம் மாறும், அவ்வளவுதான்.

அப்புறம், பை உங்களிடம் இருந்த நாட்களுக்கும் பயண நேரத்துக்கும் வெப்பநிலைப் பதிவு இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவு விடுபட்டாலும் அவர்கள் ஏற்க மறுக்கலாம், அது சரியும்கூட.

ஒன்றைக் கவனியுங்கள்: காலாவதியாகப் போகிறதே என்று ஓ நெகட்டிவ்வை, தன் வகை ரத்தமே போதுமான ஏ பாசிட்டிவ் நோயாளிக்கு ஏற்றினால் கணக்கில் வீணானது தெரியாது. மாதம் ஒருமுறை, யாருக்கு ஏற்றினீர்கள் என்று ரத்த வகைவாரியாகப் பாருங்கள். உண்மையான விரயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தட்டணுக்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. பெரும்பாலும் 5 நாள்தான் ஆயுள், அதிலும் முதல் ஓரிரு நாள் பரிசோதனைக்கே போய்விடும். அவற்றைத் தேவை வந்ததும் வரவழைப்பதே நல்லது.