மடிக்கணினி பழுதும் அசைன்மென்ட் தாமதமும்

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய மடிக்கணினி, அசைன்மென்ட் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு நின்றுபோனது. கோப்புகள் அனைத்தும் அதற்குள்தான் உள்ளன. வாரண்டி இருக்கிறது. அவகாசம் கேட்டுப் பேராசிரியைக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

பதில்: இரண்டு வரி மின்னஞ்சலை இன்றே கைப்பேசியிலிருந்து அனுப்பிவிட்டு, முழுக் கடிதத்தைச் சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்தபின் எழுதுங்கள். அங்கே தரும் ஜாப் ஷீட்தான் உங்களுக்கான சான்று. கருவியின் சீரியல் எண், ஒப்படைத்த தேதி, பழுதின் விவரம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கையெழுத்திடும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள். வாரண்டி பாகங்களுக்கு மட்டுமே பொருந்தும். கோப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற வரி பெரும்பாலும் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். ஆகவே, பழுது மதர்போர்டிலா, கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்.எஸ்.டி.யிலா என்று கேளுங்கள். மதர்போர்டு என்றால் கோப்புகள் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எஸ்.எஸ்.டி. தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், அதை வேறொரு கணினியில் இணைத்துப் பிரதி எடுக்கலாம். அப்போது, கோப்புகளைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கப்படலாம்; அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வெளிக்கடையில் பிரித்தால் வாரண்டியில் சிக்கல் வரலாம் என்பதால், இதையும் சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி.யே பழுதென்றால், புதியதைப் பொருத்திவிட்டுப் பழையதை அவர்களே வைத்துக்கொள்வது வழக்கம். கோப்புகளும் அதோடு போய்விடும். "என் அனுமதியின்றி எஸ்.எஸ்.டி.யை மாற்றவோ விண்டோஸை மீண்டும் நிறுவவோ வேண்டாம்" என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அழிந்த கோப்பை எஸ்.எஸ்.டி.யிலிருந்து மீட்பது மிகக் கடினம்.

இனி கடிதம்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நேற்றிரவு என் மடிக்கணினி பழுதடைந்ததால், இன்று ஒப்படைக்க வேண்டிய செலவுக் கணக்கியல் அசைன்மென்டை ஒப்படைக்க இயலவில்லை. கணினியைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்துள்ளேன். ஜாப் ஷீட்டை இணைத்துள்ளேன். கோப்பு கிடைக்குமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. கிடைக்காவிட்டாலும், என் கையெழுத்துக் குறிப்புகளைக் கொண்டு கல்லூரிக் கணினியில் மீண்டும் தயாரித்து வரும் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்கிறேன். அதை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாமதத்திற்கான மதிப்பெண் குறைப்பு விதி இருப்பின் அதற்குக் கட்டுப்படுகிறேன்."

"எல்லாம் அழிந்துவிட்டது" என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். நாளை கோப்பு கிடைத்துவிட்டால், அந்த ஒரு வாக்கியம் மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கோப்பு மீண்டால், கடைசியாகத் திருத்திய தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். பழுதுக்கு முன்பே வேலை நடந்திருந்தது என்பதை அது காட்டும். அரைகுறை வரைவைத் தோழிக்கு எப்போதாவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதுவும் உதவும்.

ஜாப் ஷீட் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அந்தப் புகார் எண்ணையும் கடிதத்தில் குறிப்பிடலாம்.