பட்டைப் படத்தை எங்கிருந்து தொடங்குவது? நோட்டீஸ் டிசைன் செய்யும் அக்காவிடம் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை: அக்கா, எங்க ட்யூஷன் சென்டர்ல ரெண்டு வருஷமும் 25 பேர். போன வருஷம் 88% பாஸ், இந்த வருஷம் 92%. எக்ஸெல்ல பட்டைப் படம் போட்டா இந்த வருஷப் பட்டை மூணு மடங்கு உயரமா வருது. நான் எதையும் மாத்தலை. அப்படியே நோட்டீஸ்ல போடலாமா?

போடாதீங்க. எண்களுக்குள் வித்தியாசம் குறைவாக இருந்தால் எக்ஸெல் தானாகவே ஓரத்தில் எண்கள் ஏறும் அச்சை 0-ல் தொடங்காமல் மேலே எங்கேயாவது தொடங்கும். உங்கள் படத்தில் 86-ல் தொடங்குகிறது. அதனால் ஒரு பட்டைக்கு 2 அளவு உயரம், இன்னொன்றுக்கு 6. பட்டையைப் பார்ப்பவர் நீளத்தைத்தான் ஒப்பிடுவார், ஓரத்து எண்ணைப் படிக்க மாட்டார். அச்சில் வலது கிளிக் செய்து Format Axis போங்கள். Bounds என்பதற்குக் கீழே Minimum இடத்தில் 0 என்று அடியுங்கள். இரண்டு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகிவிடும். உண்மையும் அதுதானே? போன வருஷம் 22 பேர், இந்த வருஷம் 23 பேர். வித்தியாசம் ஒரே ஒரு பிள்ளை. படமே வேண்டாம், "25 பேரில் 23 பேர் தேர்ச்சி" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அது நல்ல ரிசல்ட்தான்.

வண்டித்தாவளம்: அப்படின்னா "தோல்வி 33% குறைந்தது"ன்னு போடலாமே? கணக்கு சரிதானே?

கணக்கு சரி. 3 பேர் 2 பேரானால் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுதான். ஆனால் அந்த 33-ஐப் படிக்கும் அப்பா அம்மாவுக்குப் பின்னால் இருப்பது ஒரு பிள்ளை என்று தெரியாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் சதவீதம் போட்டால், ஆள் எண்ணிக்கையும் அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே இருக்கணும்.

கோபாலபுரம்: எந்தப் படமா இருந்தாலும் 0-லதான் தொடங்கணும். கோட்டுப் படமும் அப்படித்தான்.

பட்டைக்கு நீங்கள் சொல்வது சரி. கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கம். ஜுரம் 98.6-லிருந்து 102-க்குப் போனதை 0-லிருந்து வரைந்தால் கோடு படுத்தே கிடக்கும், ஆபத்து தெரியாது.

மறுபடியும் கோபாலபுரம்: அது டாக்டர் பாக்கறதுக்கா. பஸ்ல போறவன் பிளெக்ஸ்ல கோடு செங்குத்தா ஏறறத மட்டும்தான் பாப்பான்.

இதை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. பிளெக்ஸுக்குக் கோட்டுப் படம் கேட்டு வருபவர்களிடம், அச்சு தொடங்கும் எண்ணைப் பெரிதாகப் போடச் சொல்கிறேன். அது போதுமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு.

வேலந்தாவளம்: பிளெக்ஸ்ல சிவப்பு மங்கிப் போகுதே, என்ன செய்ய?

அதை பிரஸ்காரரிடம் கேளுங்கள்.

இன்னொருவர்: பட்டைப் படத்த 80-ல தொடங்கி, கீழ் பகுதிய வெட்டியிருக்குன்னு காட்ட அடியில வளைகோடு போட்டா?

வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள். வளைகோடு போட்டாலும் நீளம் பொய்தான் சொல்லும்.