போர்டிங் பாஸ் படத்தில் மறைக்க வேண்டியவை

கேள்வி: பயணப் பதிவில் போர்டிங் பாஸ் படம் போடலாமா? எதையெல்லாம் மறைக்க வேண்டும்?

இயன்றவரை அந்தப் படத்தைத் தவிர்ப்பதே நல்லது. குடும்பப் பெயரையும் ஆறு எழுத்து-எண்கள் கொண்ட பிஎன்ஆரையும் வைத்துப் பல விமான நிறுவனங்களின் தளங்களில் முன்பதிவைத் திறந்துவிடலாம் என்பதால், அந்த பிஎன்ஆர் கடவுச்சொல்லுக்கு நிகரானது. பலர் அச்செழுத்துகளை மட்டும் மறைத்துவிட்டுப் பட்டைக்குறியீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதே விவரங்கள் அதற்குள்ளும் இருப்பதால், சாதாரணக் கைப்பேசிச் செயலியே அவற்றைப் படித்துவிடும். ஆகவே மங்கலாக்குவதைவிட, அப்பகுதிகளை வெட்டியே நீக்குங்கள். 2020-இல் ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபாட் இன்ஸ்டாகிராமில் இட்ட போர்டிங் பாஸ் படத்தைக் கொண்டே, அவருடைய கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் ஒருவர் கண்டறிந்தார். ஊர் திரும்பும்வரை திரும்பும் தேதியையும் எழுதாதீர்கள். வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்பதை அது சொல்லிவிடும்.