சூப்பர் என்ற பெயரில் குறைந்த 40 டாலர்

கேள்வி: மெல்பர்னில் படிக்கிறேன், ஓர் உணவகத்தில் கேஷுவலாக வேலை பார்க்கிறேன். வாராவாரம் பே ஸ்லிப் வருகிறது. ஆனால் வங்கிக் கணக்கில் அதைவிட முப்பது, நாற்பது டாலர் குறைவாகத்தான் விழுகிறது. கேட்டால், "சூப்பருக்குப் பிடித்தது" என்கிறார் முதலாளி. இது சரிதானா? புகார் கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: சரியில்லை. சூப்பர் என்கிற ஓய்வூதியச் சேமிப்பை முதலாளி தன் கையிலிருந்து, உங்கள் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேலே கட்ட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது 12 சதவீதம். வருமான வரிதான் உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும். அதையும் கழித்த பிறகு வருவதே பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை. வங்கியில் விழுவது அதோடு காசு பிசகாமல் பொருந்த வேண்டும்.

ஆனால் அந்த நாற்பது டாலரோடு நின்றுவிடாதீர்கள். இதே குழப்பத்தோடு என்னிடம் வந்த 23 வயது மாணவர் ஒருவரின் ஒரு வாரக் கணக்கைச் சொல்கிறேன். ஸ்லிப்பில் 13 மணி நேரம், மணிக்கு 26 டாலர், மொத்தம் 338; வரி இல்லை. வங்கியில் வந்தது 297.44. வித்தியாசம் 40.56, அதாவது 338-இல் சரியாக 12 சதவீதம். அந்தப் பணம் சூப்பர் நிதிக்கும் போகவில்லை என்பது நிதியின் கணக்கைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது.

"எந்தெந்த நாள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்று கேட்டேன். கைபேசி நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தார், நல்லவேளை. வியாழன், வெள்ளி மாலை 4.30 முதல் 9.30 வரை. சனிக்கிழமை 3 முதல் 9.30 வரை, நடுவே சம்பளமில்லாத அரை மணி இடைவேளை. கூட்டினால் 16 மணி. ஸ்லிப்போ ஒவ்வொரு நாளும் 8.30-க்கே முடிந்துவிட்டது. கடை மூடிய பிறகு தரை துடைத்த ஒரு மணி நேரம் கணக்கிலேயே இல்லை.

அடுத்து மணிக்கூலி. உணவகத் தொழிலுக்கான குறைந்தபட்சச் சம்பள விதிகளில் (அங்கே ‘அவார்டு’ என்பார்கள்) அவருடைய முதல் நிலைக்கு 2025-26-இல் அடிப்படை 24.95 டாலர். கேஷுவலுக்கு 25 சதவீதம் கூடுதல் சேர்த்தால் வார நாளில் 31.19, சனிக்கிழமைக்கான கூடுதலும் சேர்ந்தால் 37.43. "26 கொடுக்கிறாரே, குறைந்தபட்சத்தைவிட அதிகம்தானே" என்று அவர் நம்பியிருந்தார். பலரும் ஏமாறுவது இங்கேதான்: விடுப்பும் உத்தரவாத நேரமும் இல்லாததற்கு ஈடாக வரும் அந்த 25 சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வார நாள் 10 மணி நேரத்துக்கு 311.90, சனி 6 மணி நேரத்துக்கு 224.58, ஆக வரிக்கு முன் 536.48 வர வேண்டும். வந்தது 297.44. ஒரே வாரத்தில் 239.04 டாலர் குறைவு. அவர் கண்ணில் பட்டது அதில் ஆறில் ஒரு பங்கு. ஸ்லிப்பையும் வங்கியையும் மட்டும் ஒப்பிட்டால் மீதி தெரியவே தெரியாது. ஸ்லிப்பே தவறாக எழுதப்பட்டிருக்கிறதே.

உங்கள் அவார்டு, நிலை, வயதுக்கான தொகையை fairwork.gov.au தளத்தின் Pay Calculator-இல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 வயதுக்குக் கீழே இருந்தால் தொகை குறையும். இரவு 10 மணிக்கு மேல் வேலை என்றால் கூடும். பிறகு வாரத்துக்கு ஒரு வரியாக உங்கள் நேரம், ஸ்லிப் நேரம், வர வேண்டியது, வந்தது என்று எழுதி, முதலாளிக்கு மின்னஞ்சலில் அனுப்பித் தேதி குறித்துப் பதில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், அது சாட்சியாகாது. பதில் இல்லையென்றால் சம்பளப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனை 13 13 94-இல் அழைக்கலாம். ஆங்கிலம் தயக்கமென்றால் முதலில் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம். ஆறு ஆண்டுகள் வரையிலான பாக்கியைக் கோரலாம் என்பதால் வேலையை விட்ட பிறகும் வழி உண்டு.

விசா பற்றி: சம்பளம் கேட்பது விசா விதிமீறல் அல்ல. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளிக்கு இல்லை, எத்தனை முறை மிரட்டினாலும். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை நீங்கள் தாண்டியிருந்தால் மட்டும் நிலைமை வேறு. சுரண்டப்பட்டவர்களின் விசாவுக்கு 2024 ஜூலை முதல் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்பே ஓர் இலவசச் சமூகச் சட்ட மையத்தில் உங்கள் நேரக் குறிப்பைக் காட்டிப் பேசிவிடுங்கள்.