ரயில் நின்றதற்கு மன்னிப்பு வேண்டாம்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதமும், ரயில் நின்றதால் இன்று காலை வேலை நேர்காணலுக்குப் போக முடியாத மகள் அந்தக் கம்பெனிக்கு எழுதி வைத்திருக்கும் மின்னஞ்சலும் மதியம் மூன்று மணிக்கு வந்தன. நல்லவேளை, அதை இன்னும் அனுப்பவில்லை என்கிறீர்கள். அவளுக்காக நாங்களே கம்பெனி ஹெச்.ஆரிடம் பேசலாமா என்ற உங்கள் கேள்விக்கு முதலில் பதில்: நீங்களோ அவள் அப்பாவோ போன் செய்ய வேண்டாம். கணக்குப் பிரிவில் தனியாகப் பொறுப்பேற்கப் போகிற பெண்ணுக்காக அம்மா பேசினால், ரயில் நின்றதைவிட அதுதான் அவர்கள் மனதில் நிற்கும்.

நடந்ததை நான் புரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன். கிண்டியில் காலை 10.30க்கு நேர்காணல். திண்டிவனத்தில் 6.40க்கு ரயில் ஏறினாள். எல்லாம் சரியாகப் போயிருந்தால் தாம்பரத்தில் மாறி ஒன்பதரைக்கெல்லாம் கிண்டியில் இருந்திருப்பாள். படாளம் தாண்டியதும் 7.40க்கு வண்டி நின்றது. மேலே போகிற மின்கம்பி அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். 10.20க்குத்தான் நகர்ந்தது. 10.40க்கு ஹெச்.ஆருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டாள். பதில் இல்லை. பாதியில் இறங்கி வீடு திரும்பிவிட்டாள்.

இப்போது அவள் எழுதியதைப் பாருங்கள். ‘துரதிர்ஷ்டவசமாக, எதிர்பாராத காரணங்களால் வர இயலவில்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன், எந்த நாளில் அழைத்தாலும் வரத் தயார், தயவுசெய்து இன்னொரு வாய்ப்பு தாருங்கள்.’ மரியாதையான கடிதம்தான். ஆனால் இதை வாசிப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ‘எதிர்பாராத காரணம்’ என்றால் தூங்கிவிட்டாள் என்றும் நினைக்கலாம், வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றும் நினைக்கலாம்.

அதைவிட முக்கியமாக, அவள் தவறான விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள். கம்பி அறுந்தது அவள் குற்றம் இல்லை. அவள் பக்கத்தில் உள்ள பிழை வேறு: 7.40க்கு நின்ற வண்டியைப் பற்றி 10.40க்குத்தான் சொன்னாள். ‘இதோ கிளம்பிடும், இதோ கிளம்பிடும்’ என்று மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்போம். ஆனால் எட்டரைக்கே ஒரு போன் செய்திருந்தால், அவர்கள் அவள் இடத்தில் வேறொருவரை முன்னால் கூப்பிட்டு, இவளை மதியத்துக்குத் தள்ளியிருக்கலாம். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காததற்குத்தான் மன்னிப்பு. ரயில் கதையை ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது கேட்பார்கள். ‘நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்’ என்பதை எப்போதாவதுதான் கேட்பார்கள்.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் என்ன சொல்வது என்பது தெளிவாக வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன். இதை அவள் தன் ஆங்கிலத்தில் எழுதட்டும், என் வாக்கியங்களை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம்.

‘வணக்கம். இன்று காலை 10.30க்கு ஜூனியர் அக்கவுன்டன்ட் பணிக்கான நேர்காணலுக்கு நான் வரவில்லை. மின்கம்பி அறுந்ததால் நான் வந்த ரயில் படாளம் அருகே 7.40 முதல் 10.20 வரை நின்றுவிட்டது. தாமதமாகும் என்று தெரிந்தவுடனே உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். 10.40க்குத்தான் செய்தி அனுப்பினேன், அதற்கு மன்னிக்கவும். இந்தப் பணியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. வியாழன் காலை 11 மணிக்கோ வெள்ளி மதியம் 3 மணிக்கோ நேரில் வர முடியும். முந்தைய நாளே சென்னைக்கு வந்து தங்கிவிடுவேன். முதல் சுற்றை வீடியோ அழைப்பில் வைத்தாலும் சரி.’ கீழே பெயர், போன் எண். அவ்வளவுதான்.

இரண்டு நேரங்களை ஏன் குறிப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். ‘எந்த நாளும் தயார்’ என்பது பணிவாகத் தெரியும், ஆனால் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறது. நேர்காணல் எடுப்பவர் ஹெச்.ஆர். அல்ல, பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ் மேனேஜர். ஹெச்.ஆர். அவரிடம் போய், ‘சார், காலையில் வராத பொண்ணு, வியாழன் 11க்கு வரட்டுமா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்க முடிய வேண்டும். அதற்கு ‘ம்’ என்ற பதில் போதும். குரோம்பேட்டையில் சித்தி வீடு இருப்பதாக எழுதியிருந்தீர்களே, முந்தைய நாளே வரும் வரியை அதை நம்பித்தான் சேர்த்தேன். மறுபடியும் இதே கதை நடக்காது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

நேர்காணலுக்கு அழைத்து அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கே ரிப்ளை செய்யட்டும். புதிதாக ‘சாரி’ என்று தலைப்பிட்டு அனுப்பினால், இவள் யார், எந்தப் பணி என்று அவர்கள் தேட வேண்டிவரும். அழைப்பில் மேனேஜரையும் சிசியில் வைத்திருந்தால் ரிப்ளை ஆல் கொடுக்கலாம். இவளாக யாரையும் சேர்க்கக் கூடாது. தண்டவாளத்தில் இறங்கி நிற்கும் கூட்டத்தைப் படம் எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள், அதை இணைக்க வேண்டாம். கேட்காமல் ஆதாரம் நீட்டினால் சந்தேகம்தான் வரும். செல்போனில் எடுத்த டிக்கெட்டை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கட்டும், கேட்டால் காட்டலாம்.

இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் இது போய்விட வேண்டும். நாளை என்றால், இன்றைக்கு வந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள். இன்றே அனுப்பினாலும் அப்படி நடக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு காலியிடம் உள்ள சிறிய கம்பெனி, காலையிலேயே பிடித்த ஆள் கிடைத்திருந்தால், எவ்வளவு நல்ல கடிதமும் அதை மாற்றாது. அப்படி ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று வந்தால், நன்றி சொல்லி, அடுத்த முறை இடம் வந்தால் தெரிவிக்கக் கேட்டு ஒரு வரி பதில் போடலாம். பதிலே வரவில்லை என்றால் இரண்டு வேலை நாள் கழித்து ஒரே ஒரு போன், அவளே செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் மௌனம் என்றால் விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கிறாள் அல்லவா? அங்கே இந்த மின்னஞ்சல் வேலை செய்யாது. அழைப்புக் கடிதத்தில் என்ன விதி அச்சிட்டிருக்கிறதோ அதுதான். தேதி மாற்றம் கேட்க வழி இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும்.

அப்புறம், அந்த ஹெச்.ஆரின் எண்ணை அவள் போனில் இன்னும் சேமிக்கவில்லை என்று நினைக்கிறேன். கம்பெனிப் பெயரோடு சேமிக்கச் சொல்லுங்கள். தெரியாத எண் என்று அவள் எடுக்காமல் விட்டுவிடப் போகிறாள்.