மூன்றே மாதிரி இருந்தால் எந்த எரர் பார்?

கேள்வி: க்யூபிசிஆர் செய்தேன், n = 3. திட்ட விலக்கம் போட்டால் எரர் பார் பெரிதாக வருகிறது. கைடு திட்டப் பிழை போடச் சொல்கிறார். எதைப் போடுவது?

பதில்: முதலில் அந்த 3 எது என்று பாருங்கள். ஒரே ஆர்என்ஏவை மூன்று குழிகளில் ஊற்றியிருந்தால் உங்கள் n ஒன்றுதான். அந்தக் குழிகள் பிப்பெட் பிடித்த கையின் நிதானத்தைக் காட்டுமே தவிர, செல்களைப் பற்றி எதுவும் சொல்லாது. தனித்தனி நாளில் வளர்த்த மூன்று கல்ச்சர்கள் என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் மூன்று குழிகள் இருந்தால், அவற்றின் Ct சராசரியை எடுத்து, கல்ச்சருக்கு ஒரே எண்ணாக்கிவிடுங்கள்.

மருந்திட்டதற்கும் கன்ட்ரோலுக்கும் உள்ள வேறுபாடு, log2 அளவில், 0.8, 1.2, 1.9 என்று வந்ததாகக் கொள்வோம். மடங்காக மாற்றாமல் இந்த அளவிலேயே கணக்கிடுங்கள். மாற்றினால் பரவல் ஒரு பக்கம் இழுபடும்.

```r
x <- c(0.8, 1.2, 1.9)
mean(x)
sd(x)
sd(x)/sqrt(3)
t.test(x)$conf.int
```

சராசரி 1.3. திட்ட விலக்கம் 0.56, கல்ச்சருக்குக் கல்ச்சர் எவ்வளவு மாறுகிறது என்பதன் மதிப்பீடு அது. திட்டப் பிழை 0.32, சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதைச் சொல்வது. எரர் பாரைச் சுருக்குவதற்காக ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவது கேள்வியையே மாற்றுவதாகும்.

திட்டப் பிழை போட்டால் எரர் பார் 0.98 முதல் 1.62 வரை நிற்கும். பூஜ்ஜியத்தை விட்டு வெகுதூரம் விலகியதுபோல் தெரியும். ஆனால் அதே எண்களின் 95% நம்பிக்கை இடைவெளி −0.08 முதல் 2.68 வரை, பூஜ்ஜியமும் உள்ளே வந்துவிடுகிறது. மூன்று மாதிரிக்கு t மதிப்பு 4.30, பலரும் மனதில் வைத்திருக்கும் 2 அல்ல. ஒரு திட்டப் பிழை அகலமுள்ள எரர் பார் உண்மைச் சராசரியைப் பிடிக்கும் வாய்ப்பும் 68% அல்ல, சுமார் 58% மட்டுமே. ஒன்பது குழிகளையும் n = 9 என்று போட்டிருந்தால் இடைவெளி ஏறக்குறைய 0.9 முதல் 1.7 வரை சுருங்கி, இல்லாத உறுதியைக் காட்டியிருக்கும்.

அப்படியானால் திட்ட விலக்கமே போதுமா என்று கேட்பீர்கள். மூன்று எண்ணிலிருந்து வந்த 0.56க்குப் பின்னால் உண்மை மதிப்பு 0.29 ஆகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் மூன்று புள்ளிகளையும் அப்படியே வரைந்து, சராசரிக்கு ஒரு கோடு போடச் சொல்கிறேன். கன்ட்ரோலையும் மருந்திட்டதையும் தனித்தனியே காட்டினால், ஒரே நாள் ஜோடிகளைக் கோட்டால் இணையுங்கள். எரர் பார் வேண்டும் என்று இதழ் கேட்டால் 95% இடைவெளியைப் போடுங்கள். படத்தின் கீழ் எந்த எரர் பார், n எத்தனை, எதன் n என்று எழுதுங்கள்.

திட்டப் பிழையே தவறு என்று நான் சொல்லவில்லை. n-ஐச் சேர்த்து எழுதினால் தெரிந்தவர் அதிலிருந்து இடைவெளியைக் கணக்கிட்டுக்கொள்வார். எழுதாமல் விடுவதுதான் கோபம் வரவைக்கிறது. வெறும் '±' மட்டும் போட்ட கட்டுரைகளை இன்றும் மதிப்பாய்வாளர்கள் அனுமதிக்கிறார்கள். அவற்றின் எண்களை மெட்டா பகுப்பாய்வில் நம்பிச் சேர்க்க முடியாது.